ஒரே சீட்டு ஒட்டிய இரண்டு கோளாறு

அன்றைக்குக் காலையில் நான் எதையும் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பார்த்த அத்தனை பேரும், "எதையாவது யோசிச்சிருப்பே" என்றுதான் சொன்னார்கள். யோசிக்கவில்லை. டப்பாவில் கட்டிய கோவைக்காய்ப் பொரியலில் உப்பு போட்டேனா இல்லையா என்று வேண்டுமானால் நினைத்திருப்பேன். அதற்கு ஒருத்தி சாகப் போவதில்லை.

ஆவடியில் பெண்கள் பெட்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டரவாக்கம் வரை நாலே ஸ்டேஷன். அங்கே எஸ்டேட்டில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் அளவு பார்க்கிற வேலை எனக்கு, பதினோரு வருஷமாக. அண்ணனூர் தாண்டியதும் சிக்னலுக்காக வண்டி நின்றது. அது தினமும் நிற்கும்.

நின்ற இரண்டாவது நிமிஷம் நெஞ்சுக்குள் யாரோ ஓங்கிக் குத்தியது போல இருந்தது. இதயம் அடிக்கவில்லை, உதைத்தது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் பத்தவில்லை. இன்னும் இழுத்தேன், இன்னும் பத்தவில்லை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்தியது, வாயைச் சுற்றி மரத்தது, கை ஜில்லென்று வேர்த்தது. எதிரே நின்றவர்களெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பது போலத் தெரிந்தார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. செத்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மாதான் முதலில் பார்த்தது.

"இன்னாம்மா, மூஞ்செல்லாம் வெளுத்துகீது? காலைல துன்னியா இல்லியா?"

"நெஞ்சு... நெஞ்சு வலிக்குது."

"ஐயையோ! ஏ, எந்திரிங்கடி, காத்து வுடுங்க. மாரடைப்பு மாரி கீது."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் இதயம் இன்னும் இரண்டு மடங்கு ஓடியது. திருமுல்லைவாயிலில் இறக்கி, ஆட்டோ பிடித்து, பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆட்டோவில் போகும்போதே பாதி அடங்கிவிட்டது. அதனால் எனக்கு வெட்கமும் சேர்ந்துகொண்டது. ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். எல்லாம் நார்மல்.

டூட்டி டாக்டர் தாளைப் பார்த்தபடியே சொன்னார். "ஒண்ணும் இல்லம்மா. டென்ஷன். ரெஸ்ட் எடுங்க."

ஒன்றும் இல்லையாம். சாவை மூஞ்சிக்கு நேராகப் பார்த்துவிட்டு வந்தவளிடம் சொல்கிற வார்த்தையா இது? இதயத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதை அவர் சரியாகத்தான் பார்த்தார். ஆனால் ஒன்றும் இல்லாமலா விரல் மரத்தது?

டென்ஷன் என்றால் எங்கள் வீட்டில் அது என் கணவருடைய சொத்து. அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நாங்கள் இருப்பது அங்கே குவார்ட்டர்ஸில். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஏதாவது ஒன்றுக்குக் கவலைப்படுவார். பையன் காலேஜ் பஸ்ஸில் ஏறினானா, ஏறினால் உட்கார இடம் கிடைத்ததா, மழை வந்தால் அயனம்பாக்கம் ஏரி நிரம்பி அவனுடைய காலேஜ் ரோடு மூழ்குமா, தொழிற்சாலையில் புது உத்தரவு வந்தால் நம்மை வேறு ஊருக்குத் தூக்கிப்போடுவார்களா. ஒன்று தீர்ந்தால் அடுத்தது தயாராக இருக்கும். கழுத்து எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும், வயிறு சரியிருக்காது, தூக்கம் பாதி. வருஷக்கணக்கில் இப்படித்தான்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"எனக்கும்தான் இருக்கு. நான் சமாளிக்கலயா? நீ ரொம்ப யோசிக்கறே."

"நான் யோசிக்கவே இல்லங்க."

"அப்படித்தான் தோணும். உள்ள ஓடிட்டே இருக்கும்."

"உங்களுக்கு ஓடும். எனக்கு ஓடல."

நாலு நாள் கழித்து ரயிலில் மறுபடியும் வந்தது. அடுத்த வாரம் மூன்றாவது தடவை. அதற்குப் பிறகு ஒரு புதுக் கேடு ஆரம்பித்தது. பிளாட்பாரத்தில் நிற்கும்போதே, இன்றைக்கு வருமா என்று என் நாடியை நானே பிடித்துப் பார்ப்பேன். பிடித்துப் பார்த்தால் வேகமாகத்தான் இருக்கும். ரயிலை விட்டேன். பஸ்ஸில் போனேன். திருவள்ளூர் ரோட்டில் காலை நேரத்தில் பஸ் நகர்வதற்குள் ஷிப்ட் தொடங்கிவிடும். லேட், லேட், லேட்.

அப்போதுதான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தோம். அவர் எப்போதோ தூக்கத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த மாத்திரையில் பாதியை ஒடித்துக் கொடுத்தார். "ரெண்டு பேருக்கும் அதே டென்ஷன்தானே." நானும் வாயில் போட்டுக்கொண்டேன். ஒரே பெயர் என்றால் ஒரே மருந்து என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள்.

அன்றைக்கு வேலையில் கண் சொக்கியது. ஒரு டிரே முழுக்க ஓட்டை பெரிதாகப் போன பாகங்களை ஓகே என்று அனுப்பிவிட்டேன். அடுத்த லைனில் பிடித்துவிட்டார்கள், நல்ல வேளை. சூப்பர்வைசர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அக்கா, நீங்களே இப்படிப் பண்ணா நான் யாரைக் கேக்கறது? லேட்டும் ஆவுது, இதுவும் ஆவுது. இந்த மாசம் இன்னொரு தடவைன்னா பேக்கிங்குக்கு மாத்திடுவேன். எனக்கு வேற வழியில்ல."

பேக்கிங். பதினோரு வருஷம் அளவு பார்க்கிற கேஜ் பிடித்த கையால் அட்டைப்பெட்டி ஒட்டுவதா? ஆத்திரத்தில் மறுநாளே கணவரை இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநலப் பிரிவு. அவருக்கு யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கவலை. அதுவும் ஒரு கவலை.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு பெண் எங்களை உட்காரவைத்துப் பேசினார். உளவியல் ஆலோசகர். என் மகளாக இருக்கக்கூடிய வயது. கேட்டது என்னை. பதில் சொன்னது என் கணவர்.

"இவளுக்கு எப்பவுமே டென்ஷன்ங்க மேடம்."

"சார், ஒரு நிமிஷம். அம்மா, அந்த வார்த்தையை விட்டுடுங்க. என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. மெதுவா வருதா, திடீர்னு வருதா?"

"திடீர்னு. சுவிட்ச் போட்ட மாதிரி."

"எவ்வளவு நேரத்துல உச்சத்துக்குப் போகுது?"

"சில நிமிஷம். அரை மணி நேரத்துல வடிஞ்சிடும். அப்புறம் பிழிஞ்ச துணி மாதிரி கிடப்பேன்."

"அதுக்கு முன்னாடி ஏதாவது கவலை?"

"கோவைக்காய்."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, அவருக்கு எப்படி என்று கேட்டார். அவர் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார். பையனில் தொடங்கித் தொழிற்சாலையில் வந்து நின்றபோது வெளியே வரிசை நீண்டுவிட்டது.

"சார், உங்களுக்கு இருக்கறது நாள் முழுக்க ஓடுற கவலை. மாசக்கணக்குல, ஒண்ணு மாத்தி ஒண்ணு. கழுத்துப் பிடிப்பு, தூக்கமின்மை எல்லாம் அதோட வர்றது. அம்மாவுக்கு வர்றது வேற. அது பேனிக் அட்டாக். திடீர்னு உடம்பு பூரா அபாயமணி அடிச்சிட்டு, தானா ஓயும். ரெண்டையும் டாக்டர் தனித்தனியா பார்க்கணும்."

"எனக்கா? நான் இவளுக்காக வந்தேன்!" என்றார் அவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் கம்பெனியில் ஓட்டை பெரிதானதுக்கும் சிறிதானதுக்கும் ஒரே சீட்டு ஒட்டினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிறிதானதைத் திரும்பக் கடைந்து சரி செய்யலாம். பெரிதானது குப்பை. இரண்டுக்கும் செய்கிற வேலை வேறு. மனுஷ உடம்புக்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து ஒரே சீட்டை ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

"சரி, பயம்தான்னா ஏன் இப்படி உடம்புல வருது? மனசுல வரட்டுமே" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

அந்தப் பெண் அசரவில்லை. "நாய் துரத்தினா ஓடணும்ல? அதுக்கு உடம்பு தயாராகுது. இதயம் வேகமா அடிக்கும், மூச்சு வேகமாகும், வேர்க்கும். நாய் இருந்தா நீங்க ஓடிடுவீங்க, இதையெல்லாம் கவனிக்க மாட்டீங்க. நாயே இல்லாம ரயில்ல நிக்கும்போது வந்தா, காரணம் வெளியே தெரியாது. அப்ப நெஞ்சுதான் கோளாறுன்னு தோணும். அந்தப் பயத்துல இன்னும் வேகமா அடிக்கும். அதைப் பாத்து இன்னும் பயம்."

"விரல் மரத்துச்சே?"

"இப்பவே காட்டறேன். அந்த ஆஸ்பத்திரியில உங்க ஈசிஜி நார்மல்னு பாத்துட்டாங்க, அதனால பயமில்ல. ஒரு நிமிஷம் என்கூட வேகமா, ஆழமா மூச்சு விடுங்க."

விட்டேன். இருபது மூச்சுக்குள் தலை சுற்றியது. அரை நிமிஷம் தாண்டியதும் விரல் நுனியில் அதே ஊசி, வாயைச் சுற்றி அதே மரப்பு. நாற்காலியில் உட்கார்ந்தபடி, நானே அதை உண்டாக்கியிருந்தேன். மூச்சு பத்தவில்லை என்று நினைத்து நான் அளவுக்கு மேல் விட்டிருக்கிறேன். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் இப்படி ஆகுமாம். நிறுத்தினேன். சற்று நேரத்தில் போய்விட்டது.

நிம்மதியாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. எரிச்சலாக இருந்தது. ஒரு நிமிஷத்தில் காட்டக்கூடிய விஷயம். ஒரு மாதமாக என்னைத் தின்றது.

டாக்டர் எனக்கு ஒரு மாத்திரை எழுதினார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது, வீட்டில் இருக்கிற வேறு மாத்திரையைத் தொடவே கூடாது என்றார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆலோசகர் கொடுத்த வேலைதான் கஷ்டம். ரயிலில் ஏற வேண்டும். வந்தால் இறங்கக்கூடாது. இறங்கினால், இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று உடம்பு எழுதிவைத்துக்கொள்ளுமாம். மூச்சை இழுத்துப் பிடித்துச் சண்டை போடாமல், அது ஏறி இறங்குகிறவரை அங்கேயே நிற்க வேண்டும்.

வாரக் கணக்கில் பழக்கினார். முதலில் ஒரு ஸ்டேஷன், பிறகு இரண்டு. அதுவரை வேலைக்கு விடிவதற்கு முன்பே கிளம்பிப் பஸ்ஸில் போனேன். பிறகு ஒரு திங்கட்கிழமை. அந்த மாதத்தில் இன்னும் மூன்று வேலை நாள்தான் இருந்தது. முழுத் தூரமும் போக ஏறினேன். அண்ணனூரில் ஒன்றுமில்லை. சிக்னலில் வண்டி நின்றது. வந்துவிட்டது. உதைத்தது. விரல் மரத்தது. திருமுல்லைவாயிலில் கதவருகே வந்து ஒரு காலைக்கூட எடுத்துவைத்தேன்.

"எறங்கறியா இன்னா? எறங்கறதுன்னா எறங்கு, வழிய மறிச்சிக்கினு நிக்காத" என்றாள் பின்னால் ஒருத்தி.

"எறங்கல" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

"அதுக்கு இன்னாத்துக்குக் கத்தறே?"

வண்டி கிளம்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் திட்டினேன். அடி, இன்னும் அடி, உன்னால் முடிந்தவரை அடி. அம்பத்தூர் தாண்டும்போது அதற்கே அலுத்துவிட்டது போலத் தளர்ந்தது. பட்டரவாக்கத்தில் இறங்கியபோது ஜாக்கெட் நனைந்திருந்தது. கேட்டில் விரல் ரேகை வைத்தேன். ஷிப்ட் தொடங்க ஆறு நிமிஷம் இருந்தது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேஜ் பெட்டியை என் மேஜைக்குத் தள்ளினார்.

அந்த மாதம் என்னை பேக்கிங்குக்கு மாற்றவில்லை. அதற்காக யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமையும் ஏற வேண்டியிருந்தது. அன்றைக்கும் வந்தது, கொஞ்சம் சின்னதாக.