போதை என்று நினைத்த காலை

எனக்குச் சர்க்கரை வந்தபோது வயது இருபத்தாறு. மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை, முதல் நாளிலிருந்தே இன்சுலின்தான். சாப்பாட்டுக்கு முன்னால் சட்டென்று வேலை செய்கிற ஊசி ஒன்று, படுக்கப்போகும் முன் மறுநாள் வரைக்கும் மெதுவாக வேலை செய்கிற ஊசி ஒன்று. கல்யாணம் பேச வந்தபோதே இதைச் சொல்லிவிட்டோம். மாப்பிள்ளையாக வந்தவர் தலையாட்டிவிட்டுத் தன் பங்குக்கு ஒன்றே ஒன்று சொன்னார்: "வீட்டுக்குள்ள குடி வரக்கூடாது. அது போதும் எனக்கு."

அவர் கேரி தீவு எஸ்டேட்டில் வளர்ந்தவர். அவருடைய அப்பா சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்தே செத்துப்போனவர். நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரி. எங்கள் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்தால் அவரே கேக் வெட்டி, எங்கள் எல்லாருக்கும் சின்னக் கிளாஸில் வைன் ஊற்றுவார். குடி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கேக் வாசனை, என் கணவருக்கு உடைந்த தட்டுகள். இந்த வித்தியாசத்தை நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு பண்டமாரானில் குடியிருந்தோம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் ஆட்களோடு கிள்ளானில் சாப்பிடப் போவோம். அங்கே நான் ஒரு கிளாஸ், சில நாள் இரண்டு கிளாஸ் வைன் குடிப்பேன். வாயில் புதினா மிட்டாய் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். யாருக்கும் அதில் கெடுதல் வரவில்லை என்றுதான் இருந்தேன்.

கிளினிக்குக்கு அவர் தவறாமல் கூடவே வருவார். "அல்கோஹோல் எடுக்கிறீங்களா?" என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்கும்போதெல்லாம் அவர் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருக்கும். "இல்ல மிஸ்ஸி" என்பேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். குடிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதை, குடிக்காதவள் என்று சொன்ன என்னிடம் யார் சொல்லப்போகிறார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் மேனேஜருக்குப் பிரிவு விருந்து. கரோக்கே இருந்தது. பழச்சாறில் கலந்த ஏதோ ஒன்றை ஆளுக்கு ஆள் நீட்டினார்கள். இனிப்பாக இருந்ததால் எவ்வளவு போகிறது என்று தெரியவில்லை. மூன்று கிளாஸ் இருக்கும். சாப்பாடு வருவதற்குத் தாமதமானது, நான் கோழி இறக்கை இரண்டைக் கடித்துவிட்டு ஆடப் போய்விட்டேன். வெகு நாளைக்குப் பிறகு நன்றாக ஆடினேன். பக்கத்து மேசையில் வேலை செய்யும் தோழிதான் கிரேப் வாடகைக் காரில் கூட வந்து வாசலில் இறக்கிவிட்டாள். அவர் அன்றைக்கு இரவு ஷிப்ட்.

தலை சுற்றினாலும் விரலைக் குத்திப் பார்த்தேன். ஐந்தாறு இருக்கவேண்டிய இடத்தில் பதினான்கு காட்டியது. அந்தப் பழச்சாறின் வேலை. இவ்வளவு ஏறிவிட்டதே என்று பதறி, அதை இறக்க வேகமான ஊசி கொஞ்சம் போட்டேன். பிறகு வழக்கமான இரவு ஊசி. குடித்திருந்தாலும் ஒன்றையும் மறக்கவில்லை என்ற திருப்தியோடு படுத்தேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை மற்றவர்கள் சொன்னார்கள்.

காலையில் அவர் வேலை முடிந்து வந்து அறைக் கதவைத் திறந்திருக்கிறார். வாசனை முகத்தில் அடித்திருக்கிறது. நான் குறுக்கே கிடந்தேன். அவர் கூப்பிட்டதற்கு நாக்குக் குழறி ஏதோ உளறினேனாம். சின்ன வயதில் இப்படிப்பட்ட காலைகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் கைப்பையில் போன் அடித்திருக்கிறது. நின்று, மறுபடி அடித்திருக்கிறது. எடுத்தார். தோழி.

"அண்ணே, அக்கா எழுந்திருச்சிட்டாங்களா? மெசேஜ் போட்டேன், பார்க்கவே இல்ல."

"என்ன ஊத்திக் குடுத்தீங்க அவளுக்கு? எழுந்திருக்க முடியாமக் கிடக்குறா. போதை தெளியட்டும், அப்புறம் கேட்டுக்கோ."

அவள் போனை வைக்கவில்லையாம். பிறகு, "அண்ணே, இவ்வளவு நேரமாயும் தெளியலயா? சுகர் பார்த்தீங்களா? எங்கம்மா ஊசி போடுறவங்க. சுகர் இறங்கினா அவங்களும் இப்படித்தான் உளறுவாங்க. போய்ப் பாருங்கண்ணே, ப்ளீஸ் லா."

அவர் என் கையைப் பிடித்தபோது கை ஈரமாகவும் ஜில்லென்றும் இருந்ததாம். தலையணை நனைந்திருந்தது. மீட்டரில் 1.7. நான்குக்குக் கீழே போனாலே குறைவு என்று அவருக்குத் தெரியும். சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து தலையைத் தூக்கினார். அதற்குள் நான் உளறுவதும் நின்றுபோயிருந்தது. ஆம்புலன்சுக்கு 999 அடித்தபோது போனில் பேசிய பெண் மலாய் மொழியில் அதட்டியிருக்கிறாள்: வாயில் எதையும் ஊற்றாதே, விழுங்க முடியாதவளுக்கு அது மூச்சுக்குழலில் போய்விடும், ஒருக்களித்துப் படுக்க வை, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கையில் ஊசிக்குழாய் வழியாகச் சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. அவர் துறைமுகச் சட்டையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எவ்வளவு நாளா?" என்றார்.

சர்க்கரையைக் கேட்கிறார் என்று நினைத்து, "இருபத்தாறு வயசுலேர்ந்து" என்றேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் கேள்வி புரிந்தது.

ஒரே நாளில் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் மத்தியானம் மறுபடி சர்க்கரை இறங்கியது, குழாயில் ஏறிக்கொண்டிருக்கும்போதே. இரவும் வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மாலையில் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிற மிஸ்ஸி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். என்னைவிட இளையவள், மேரு ஊர்க்காரி.

"என்ன குடிச்சீங்க, எவ்வளவு, என்ன சாப்பிட்டீங்க? சொல்லுங்கக்கா. அண்ணன் கொஞ்சம் வெளிய நிக்கட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்" என்றேன். ஆட்டம், ஊசி, மாதா மாதம் போகிற வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் அவர் காதுபடச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தூங்கும்போது சாப்பிட மாட்டீங்க இல்ல? அப்ப லிவர்தான் ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா சுகர் செஞ்சு ரத்தத்துல விடுது" என்றாள் அவள். "குடிச்சா, லிவர் மத்த வேலைய விட்டுட்டு அல்கோஹோல உடைக்கப் போயிடும். அது மணிக்கணக்கா ஆகும். சுகர் வராது. ஆனா நீங்க போட்ட இன்சுலின் நிக்காம இறக்கிக்கிட்டே இருக்கும். அதான் குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாம, விடியக்காலையில, சில சமயம் மறுநாள் மத்தியானம்கூட அடிக்குது. நீங்க ஆடியும் இருக்கீங்க, சாப்பிடவும் இல்ல. அதுக்கு மேல ஏறியிருக்குன்னு எக்ஸ்ட்ரா ஊசி வேற."

"பதினாலு இருந்துச்சே மிஸ்ஸி."

"அது ஜூஸ். தானா இறங்கியிருக்கும். குடிச்ச ராத்திரி படுக்கப் போகும்போது ஏறியிருந்தா அத இறக்கணும்னு அவசரப்பட்டு ஊசி போடாதீங்க. அந்த மாதிரி நாளைக்கு என்ன செய்யணும்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கணும். ஆனா வழக்கமான ராத்திரி ஊசிய நீங்களா நிறுத்தவும் கூடாது."

குடிக்காமல் இருந்தால் நல்லது என்றாள். குடிப்பதென்றால் வெறும் வயிற்றில் வேண்டாம், சோறோ ரொட்டியோ உள்ளே போயிருக்கவேண்டும், ஒன்றோடு நிறுத்தினால் நல்லது, இடையில் தண்ணீர். படுக்கும் முன் சர்க்கரை பார், ஏதாவது மாவுப்பண்டம் சாப்பிடு, நடுராத்திரி அலாரம் வைத்துப் பார், எழுந்ததும் பார், காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதே. "எல்லாத்தையும்விட, கூட இருக்கிற ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்க்கா. ஊசி போடுறீங்கன்னும் தெரியணும், குடிச்சிருக்கீங்கன்னும் தெரியணும்."

ஜன்னல் பக்கமிருந்து அவர் திரும்பினார்.

"மிஸ்ஸி, போதைக்கும் இதுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது? பார்த்தா?"

"பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதுண்ணே. உளறல், வேர்வை, தள்ளாட்டம், எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். குத்திப் பார்த்தாதான் தெரியும். இன்சுலின் போடுறவங்களத் தூங்கித் தெளியட்டும்னு விடவே கூடாது."

அவர் வார்டை விட்டு வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், கேட்டால் பதில் சொன்னார். அவருக்குள் இருப்பது என் பொய்யின் மேல் வந்த கோபம் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது தெரிந்தது. சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்தியவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் கதவச் சாத்திட்டேன். உன்னப் பார்த்துட்டுத்தான் சாத்துனேன். எங்கப்பாவுக்கு அப்படித்தான் செய்வோம். அவ போன் பண்ணலன்னா நான் தூங்கப் போயிருப்பேன்."

விளக்கு மாறியது. பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தான். பரவாயில்லை என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. பரவாயில்லாத ஒன்றைப் பற்றி அப்படிச் சொன்னால் அது அவர் காதில் ஏறாது. "நான் சொல்லியிருந்தா நீங்க சாத்தியிருக்க மாட்டீங்க" என்றேன். அதுவும் அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அந்தக் கதவு மூடியிருந்தது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அதன் பிறகு என் தம்பி தன் கல்யாண நாளுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் விருந்து வைத்தான். கிளம்பும் முன்பே நான் அவரிடம் சொன்னேன்: "இன்னிக்கு நான் ஒரு கிளாஸ் வைன் குடிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்குத் தெரியாமக் குடிக்க மாட்டேன்."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "குடிக்காம இருக்க முடியாதா?"

"முடியும்."

"அப்புறம்?"

"குடிக்க மாட்டேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு வேற எங்கயாவது குடிக்கிற பொம்பளயா இருக்க முடியாது. இனிமே குடிச்சாலும் உங்க முன்னாலதான், இல்லன்னா இல்ல."

மீட்டரையும் குளுக்கோஸ் மாத்திரை டப்பாவையும் அவரே எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

நான் முதலில் சோறு சாப்பிட்டேன். பிறகு அந்த ஒரு கிளாஸை மெதுவாகக் குடித்தேன். அவர் எதிரே உட்கார்ந்து கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு அதன் ருசி தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒன்பது. டாக்டர் சொல்லியிருந்தபடி அதை இறக்க ஊசி போடவில்லை. இரவு ஊசியை மட்டும் போட்டு, ரொட்டி இரண்டு துண்டு சாப்பிட்டுப் படுத்தேன்.

அலாரம் அடிக்கும் முன்பே அவர் என் விரலைப் பிடித்திருந்தார். அவர் தூங்கவே இல்லை. ஏழு காட்டியது. "படு" என்றார். ஆனால் விளக்கை அணைக்கவில்லை. மறுநாள் அவர் சிவந்த கண்ணோடு வேலைக்குப் போனார், மதியத்துக்குள் மூன்று தடவை போன் செய்தார்.

இப்போதெல்லாம் வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ தடவைதான் குடிக்கிறேன். உடம்புக்குப் பயந்து குறைத்ததல்ல. நான் குடிக்கிற ஒவ்வொரு கிளாஸுக்கும் அவர் ஒரு இரவு தூங்காமல் கிடக்கிறார். என் ரத்தத்தில் மதுவின் வேலை மறுநாளோடு முடிந்துவிடுகிறது. அவருக்கு அது எப்போது முடியும் என்று எந்த மிஸ்ஸியிடம் கேட்பது?