பொறுப்பாளர் இல்லாத தீர்மானம்

எங்கள் மீனவர் சங்கத்தின் செயலாளர் கட்டார் நாட்டுக்குப் போனதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையெழுத்து அழகாக இருந்ததுதான் வினை.

தோணிகள் கரையேறும் இடத்துக்கு மின்விளக்குக் கேட்டிருந்தோம். நான் கொடுத்த கூட்ட அறிக்கையைப் பிரதேச செயலகத்தில் திருப்பித் தந்துவிட்டார்கள்.

“எல்லாரும் கதைச்சத அப்படியே எழுதியிருக்கீங்க தம்பி,” என்றார் உத்தியோகத்தர். “என்ன முடிவெடுத்த, ஆரு செய்யிற, அதக் காணல்லியே.”

மாத முடிவுக்குள் சரியான அறிக்கை போகாவிட்டால் கோரிக்கை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். விளக்கு என்னால்தான் வராமல் போகப்போகிறது என்று பயந்தேன்.

குறிப்புகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீசல் விலை, ஒருவர் வீட்டுக் கல்யாணப் பிரியாணி, இரண்டு பேரின் வலைச் சண்டை எல்லாவற்றையும் வெட்டினேன். சமுகமளித்தோர் மேலே, வரமுடியாதென அறிவித்தோர் தனியே. அதன்கீழ் தீர்மானங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளரும் முடிக்கவேண்டிய தவணையும். விண்ணப்பம் கொண்டுபோவது நான், இடம் அளப்பது பொருளாளர். விளக்குக் கம்பம் நடும் நிலத்துக்குக் காணிக்காரரின் சம்மதக் கடிதம் எடுப்பது?

என் குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: “எல்லாரும்: இன்ஷா அல்லாஹ், எடுப்பம்.”

ஏனென்று ஊருக்கே தெரியும். காணிக்காரர் எங்கள் தலைவரின் மச்சான். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தலைவர் போனால்தான் அவர் கையெழுத்து வைப்பார். தலைவரிடம் அதை யார் சொல்வது? அவர் பெயரைப் பேசாமல் எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கூட்டத்தில் அவர் ஏற்காததை ஏற்றதாக எழுத மனம் வரவில்லை. கடற்கரையில் அவர் வலை வைத்திருக்கும் வாடிக்கே போனேன்.

“காக்கா,” என்றேன், அண்ணனைக் கூப்பிடுவதுபோல். “கடிதம் எடுக்க ஒரு ஆள் வேணும்.”

“எல்லாருமாப் போவம் எண்டுதானே கதைச்ச?”

“எல்லாரும் எண்டா ஒருத்தரும் போகமாட்டாங்க காக்கா.”

வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “என்னப் போகச் சொல்றியா?”

“ஓம்.”

“இன்ஷா அல்லாஹ், பாப்பம்.”

“இன்ஷா அல்லாஹ் சரி காக்கா. எந்தக் கிழமை எண்டு எழுத?”

அவர் முறைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “நீ செயலாளரா, பொலிஸா? வெள்ளிக்கிழமை எண்டு போடு!”

‘கூட்டத்தின் பின்னர் தலைவர் இப்பொறுப்பை ஏற்றுக்கொண்டார்’ என்று தனி வரியாகச் சேர்த்தேன்.

மாத முடிவுக்கு முன்பே கூடிய அடுத்த கூட்டத்தில் அறிக்கையை வாசித்தேன். அந்த வரி வந்ததும் பின்வரிசையில் ஒருவர், “மச்சான்ட வாசலுக்கா? மழதான் வரப்போகுது!” என்று கத்தினார். தலைவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கைதட்டலில் கூடமே அதிர்ந்தது. ஒருவர் முன்மொழிய, மற்றவர் வழிமொழிய, அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது. தலைவரின் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதையும் வைத்தேன்.

பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர் அறிக்கையின் இரண்டு பக்கங்களையும் வாசித்தார். பொறுப்பாளர் பெயர்களின் மேல் விரலை ஓட்டினார். முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.