வாக்குக்கு விழுந்த எழுத்து

"நீ உன்ர அண்ணனைப் பொம்பிளையாக்கிப் போட்டாய், தெரியுமோ?"

சித்தப்பா வட்ஸப்பில அனுப்பின வொய்ஸ். கடைசியில ஒரு சிரிப்பும் இருந்துது. நான் வெள்ளவத்தையில வேலை செய்யிற துணிக்கடையில, பிளவுஸ் துணி மடிச்சுக்கொண்டு நிண்டு கேட்டனான். திரும்பவும் போட்டுக் கேட்டனான். கையில இருந்த துணியைக் கசக்கிப் போட்டன். முதலாளி பாத்தவர், துணியை வாங்கித் தானே மடிச்சு வைச்சார். அண்ணா செத்து மூண்டு மாசம் ஆகியிருந்துது. அந்த நேரம் என்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்றேல்லை.

அண்ணா பாரிஸில றெஸ்ரோரண்ட் குசினியில வேலை செய்தவர். நெஞ்சு நோகுது எண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர், வரேல்லை. உடம்பைக் கொழும்புக்கு எடுக்கிறது சரிவரேல்லை. அங்கயே சேமக்காலையில தாட்டவை. அம்மாவும் நானும் கொட்டாஞ்சேனை வீட்டில இருந்து ஃபோனிலதான் பாத்தனாங்கள். ரண்டு தரம் லைன் கட்டாகினது. பெட்டி இறங்கினதை நாங்கள் பாக்கேல்லை.

பிறகு கல்லறைக்குக் கல் வைக்கிற கதை வந்துது. சித்தப்பா அப்பாவின்ர தம்பி, அங்க இருவத்திரண்டு வருசமா இருக்கிறார். அப்பாவும் இல்லாததால எல்லாத்துக்கும் கையெழுத்து வைச்சது அவர்தான். கல்லில என்ன எழுதுறது எண்டு கேட்டவர். பேர், வயசு, அதுக்குக் கீழ ஒரு வரி. நான் எழுதித் தாறன் எண்டன். "நீயோ?" எண்டார். ஓம் எண்டன்.

நான் ஒன்பதாம் ஆண்டோட பள்ளிக்கூடம் விட்டனான். ஆனா பிரெஞ்சு மட்டும் ரண்டு வருசமாப் படிக்கிறன். ஞாயிற்றுக்கிழமையில வெள்ளவத்தையில ஒரு ஒழுங்கைக்குள்ள, மாடியில கிளாஸ். அண்ணாதான் சேத்துவிட்டவர். "ஒரு பாஷையையாவது முழுசாப் படி, பாதியில விட்டியெண்டா வந்து அடிப்பன்" எண்டவர்.

நான் எழுதின வரி இது:

Les promesses que tu nous as faites, tu les as tenues.

நீங்கள் எங்களுக்குத் தந்த வாக்குகளை நீங்கள் காப்பாத்தினீங்கள். அதுதான் கருத்து. பிரெஞ்சில அண்ணாவை tu எண்டு கூப்பிடலாம். தமிழில நான் அவரை ஒருநாளும் நீ எண்டதில்லை.

ஏன் அந்த வரி எண்டா, கொச்சிக்கடைக் கோயில்ல முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சு சனம் வீட்டுக்கு வந்து ரீ குடிக்கேக்க ஒரு மாமி சொன்னா, "பாவம், எவ்வளவைச் சொல்லிப்போட்டுப் போனவன், ஒண்டும் செய்யேல்லை." எனக்குத் தலை கொதிச்சுது. ஞாயிறுக்கு ஞாயிறு ஃபோன் எடுப்பன் எண்டார், எடுத்தார். அம்மாவின்ர கண் ஒப்பரேசனைச் செய்விப்பன் எண்டார், செய்வித்தார். என்னைப் படிப்பிப்பன் எண்டார். வேற என்ன வேணும் உங்களுக்கு? நான் அதை மாமிக்குச் சொல்லேல்லை. ரீக் கோப்பையளை எடுத்துக்கொண்டு உள்ள போனன். கல்லில சொல்லுவம் எண்டு நினைச்சன்.

இப்ப சித்தப்பாவின்ர வொய்ஸுக்கு வாறன். அதோட ஒரு படமும் வந்துது. கல் வெட்டுற கடை, வெட்ட முதல் பாக்கச் சொல்லிக் குடுத்த மாதிரி. அதில faites இல்லை, fait எண்டு கிடந்துது. tenues இல்லை, tenu. அண்ணா ஆம்பிளை, e போட்டாப் பொம்பிளையாப் போகும் எண்டு சித்தப்பா தானே வெட்டிக் குடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கல் மெசினுக்குப் போகுது எண்டும் சொன்னார். அண்டைக்குச் செவ்வாய்.

எனக்குக் கோவம் வந்தது உண்மை. ஆனா அந்தப் பிழை எனக்கு நல்லாத் தெரிஞ்ச பிழை. நானும் விட்டனான். கிளாஸில முதல் முதல் 'நான் ஒரு கடிதம் எழுதினேன்' எண்டு எழுதச் சொல்லேக்க நான் J'ai écrite une lettre எண்டு எழுதினனான். நான் பொம்பிளைதானே, ஒரு e போடத்தானே வேணும்? Je suis allée, நான் போனன் எண்டதுக்குப் போடுறம்தானே? கிளாஸில இருந்த பொம்பிளைப் பிள்ளையள் முக்கால்வாசிப் பேர் போட்டிருந்தவை. ஆம்பிளையள் ஒருத்தரும் போடேல்லை. மிஸ் கொப்பியளைப் பாத்திட்டு மேசையில தலையை வைச்சுச் சிரிச்சா. மிஸ் எண்டாலும் என்னைவிட ரண்டு வயசுதான் கூட, தெஹிவளையில இருந்து வாற முஸ்லிம் பிள்ளை.

"அவன் எழுதினான், அவள் எழுதினாள்னு தமிழ்ல செஞ்ச ஆளைப் பாத்து வால் மாத்துறோம்ல, அதையே இங்கயும் கொண்டு வாறீங்க" எண்டா. "être-ங்கிற துணைவினையோட வந்தா, suis மாதிரி, வால் செஞ்ச ஆளைப் பாக்கும், சரி. avoir-ங்கிற துணைவினையோட வந்தா, ai மாதிரி, ஆளைப் பாக்காது. எதைச் செஞ்சாங்களோ அதைப் பாக்கும். அதுவும் அது வினைக்கு முன்னால வந்திருந்தா மட்டும்."

பலகையில ரண்டை எழுதினா. J'ai écrit la lettre. கடிதம் பின்னால வருது, ஒண்டும் போடுறேல்லை. La lettre que j'ai écrite. கடிதம் முன்னால வந்திட்டுது. lettre பிரெஞ்சில பொம்பிளைச் சொல்லு, அதால e. எழுதினது ஆம்பிளையெண்டாலும் e-தான். பின்வாங்கில இருந்த ஒருத்தன், "அப்ப கடிதத்துக்குத்தான் மரியாதை, எழுதினவனுக்கு இல்லையோ மிஸ்?" எண்டு கேட்டான். "ஓம், இல்லை" எண்டா மிஸ், எங்கட பேச்சிலயே.

அப்ப என்ர வரியில அண்ணா ஆம்பிளையோ பொம்பிளையோ எண்ட கேள்வியே இல்லை. promesses, வாக்குகள், பொம்பிளைச் சொல்லு, பன்மை. que-யோட முன்னால வந்திட்டுது, அதால faites. மற்றப் பக்கம் les எண்டதும் அந்த வாக்குகள்தான், அதுவும் முன்னால. அதால tenues. நடுவில இருக்கிற nous எங்களுக்கு எண்ட கருத்து, அதை வினை பாக்காது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கடைக்குப் பின்பக்கம் நிண்டு, அந்தப் படத்தில இருந்த கல்லுக்கடை நம்பருக்கு எடுத்தன். ஒரு பொம்பிளை எடுத்தா. நான் எழுதி வைச்சுப் பாத்து வாசிச்சன். என்ர அண்ணாவின்ர கல், ஒரு பிழை கிடக்கு எண்டு. அவ பொறுமையா வரியைத் திருப்பி வாசிச்சா. faites-ஐ ஃபெத் எண்டு வாசிச்சா, fait மாதிரி ஃபே எண்டில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைஞ்சிட்டுது. tenues-க்கு e போட்டாலும் விட்டாலும் சத்தம் ஒண்டுதான், அதால அவ எழுத்துக் கூட்டிச் சொன்னா. நீங்கள் சொல்றதுதான் சரி, நாங்களும் அந்த ஐயாவுக்குச் சொன்னனாங்கள், ஆனா கையெழுத்து வைச்சவர் அவர், அவர் சொன்னாத்தான் மாத்தலாம். வேணுமெண்டா நான் இன்னொருக்கா அவரோட கதைக்கிறன் எண்டா.

வேண்டாம், நான் கதைக்கிறன் எண்டன்.

பின்னேரம் வீட்டை வந்து அம்மாவுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு சித்தப்பாவுக்கு எடுத்தன்.

"சித்தப்பா, e அண்ணாவுக்கு இல்லை. வாக்குக்கு."

"என்னடி பிள்ளை, வாக்குக்கும் தாவணி கட்டிவிடப் போறியோ?"

"பிரெஞ்சுக்காரர் கட்டிவிட்டவை, நான் இல்லை."

"நான் இஞ்ச இருவத்திரண்டு வருசம். நீ மாடிக் கிளாஸில படிச்சிட்டு எனக்குச் சொல்றாய்."

"இருவத்திரண்டு வருசம் கதைச்சீங்கள் சித்தப்பா. எழுதினீங்களோ?"

அம்மா என்ர தொடையில கிள்ளினா. நான் நிப்பாட்டேல்லை. கடைக்காரியும் சொன்னவதானே எண்டன். பிறகு சித்தப்பா குரலை மாத்தினார்.

"சரி, கடைக்காரி எனக்கு வேற ஒண்டு சொன்னவ. Tu as tenu tes promesses எண்டு போட்டா ஒரு பிரச்சினையும் இல்லையாம். வாக்கு பின்னால போகுது, e-யும் இல்லை, s-உம் இல்லை. ஒருத்தரும் பிழை சொல்லேலாது. அதைப் போடுவம். உனக்கும் சரி, எனக்கும் சரி."

அது சரிதான். ஒரு பிழையும் இல்லை. 'உங்கட வாக்குகளை நீங்கள் காப்பாத்தினீங்கள்.' நல்லாத்தான் இருந்துது. ஆனா ஏதோ ஒண்டு குறைஞ்சுது. மனசுக்குள்ள திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்தன். பேந்துதான் பிடிபட்டுது.

"அதில நாங்கள் இல்லை சித்தப்பா."

"என்ன?"

"que tu nous as faites. எங்களுக்குத் தந்த எண்டு இருக்கு. நீங்கள் சொல்றதில ஆருக்குத் தந்தவர் எண்டு இல்லை. ஊருக்கோ, உங்களுக்கோ, ஆருக்கோ. எனக்கும் அம்மாவுக்கும் தந்தவர். அது கிடக்கோணும்."

அப்பத்தான் சித்தப்பாவுக்கு உள்ள இருந்தது வெளியில வந்துது. "அவன் வருவன் எண்டும்தான் சொன்னவன். கொம்மாவை வந்து பாப்பன் எண்டு எத்தினை வருசம் சொன்னவன்? வந்தவனோ? பொய்யை ஏன் கல்லில வெட்டுறாய்?"

அம்மா ஃபோனைப் பாத்துக்கொண்டே இருந்தா. ஸ்பீக்கரில போட்டது என்ர பிழை.

"வரேல்லை" எண்டன். "அந்த ஒண்டு நடக்கேல்லை. வர விட்டவையோ அவரை? பிரான்சில இருக்கிற விசா கிடைக்க முதல் செத்திட்டார். அதுக்காக மற்றதெல்லாம் இல்லையெண்டு ஆகுமோ? அந்த வரியைப் போடுங்கோ, நான் எழுதின மாதிரி. ஏலாதெண்டா பேர் மட்டும் போடுங்கோ, கீழ ஒண்டும் வேண்டாம். அரைகுறையா வேண்டாம்."

"கொண்ணன்ர வாய் அப்பிடியே கிடக்கு உனக்கு" எண்டார் சித்தப்பா. கோவமோ என்னவோ தெரியேல்லை. பிறகு, "அண்ணி, நீங்கள் என்ன சொல்றியள்?" எண்டு அம்மாவைக் கேட்டார்.

அம்மா மூக்கைச் சீறிப்போட்டு, "தம்பி, எனக்கு அந்தப் பாஷை தெரியாது. எங்களுக்கு எண்டது இருக்கட்டும்" எண்டா.

என்ர வரிக்கே சித்தப்பா கையெழுத்து வைச்சார். வைக்கேக்கயும் சொன்னவர், வாறவன் போறவன் எல்லாம் பிழை எண்டு சிரிக்கேக்க நான் உன்ர பேரைத்தான் சொல்லுவன் எண்டு. சொல்லுங்கோ எண்டன். வடிவாச் சொல்லுங்கோ.

கல் வைச்ச நாள் சித்தப்பா குடும்பக் குறூப்பில படம் போட்டார். நான் பெரிசாக்கி, விரலால ஒவ்வொரு எழுத்தாத் தள்ளித் தள்ளிப் பாத்தன். faites. tenues. ஒண்டும் குறையேல்லை. கீழ எல்லாரும் கும்பிடுற கையும் பூவும் போட்டிருந்தவை. அந்த மாமியும் போட்டவ. அதுக்குக் கீழ, பிரான்சில பிறந்த ஒரு சொந்தக்காரப் பொடியன் கேட்டிருந்தான், tenues-க்கு e ஏன், அண்ணா ஆம்பிளை எல்லோ, இது ஆரின்ர வேலை?

சித்தப்பா பாத்திருந்தார். அவற்ற பேருக்குக் கீழ ஒன்லைன் எண்டு கிடந்துது. உன்ர பேரைத்தான் சொல்லுவன் எண்டவர், எழுதேல்லை.

நான் எழுதினன். "என்ர வேலை. சரியாத்தான் கிடக்கு."