வாசலுக்காகத் திரும்பிய வடக்கு

சிவில் டிப்ளமோ முடித்து, தேனியில் கட்டட வரைபடம் போடும் ஆபீசில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு வரைபடம் படித்துப் புதையல் தேடும் விளையாட்டு நடத்தினேன். பள்ளியின் ப்ளானை நானே அளந்து வரைந்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு மீட்டர். மேலே வடக்கு, கீழே தெற்குப் பார்த்த வாசல்.

பெற்றோர் வரும் நாளில் போட்டி. ஜெயிக்கும் குழுவின் தலைவர்தான் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் போவார். குழுத் தலைவி ஒருத்தி அதற்காகவே வாரக்கணக்கில் அளக்கும் டேப்பும் கையுமாகத் திரிந்தாள்.

அன்று காலை ப்ளானின் நகல்களைப் பார்த்தேன். வடக்கைக் காட்டும் அம்புக்குறி வலப்பக்கம் திரும்பியிருந்தது. வாசல் கிழக்காகிவிட்டது.

"தெக்கு வாசல்னு தெரிஞ்சா பிள்ளையச் சேப்பாகளாம்மா?" என்றார் தாளாளர். "வாஸ்து பாக்குற ஊரு இது. அம்புதான, என்ன இப்ப?"

அம்புதானாம். அது திரும்பினால் குறிப்பில் உள்ள ஒவ்வொரு திசையும் திரும்பும் என்று விளக்கினேன். அதற்குள் நகல்கள் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டன.

குறிப்பு இதுதான்: கொடிக்கம்பத்திலிருந்து ப்ளானில் நான்கு சென்டிமீட்டர் வடக்கு, பிறகு மூன்று கிழக்கு. அதாவது தரையில் எட்டு மீட்டர், ஆறு மீட்டர். புதையல் பெட்டியை அங்கே, தண்ணீர்த் தொட்டியடியில் வைத்திருந்தேன்.

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். திசைகாட்டியைத் தாள்மேல் வைத்து, அம்பும் முள்ளும் ஒன்றாகும்வரை தாளைத் திருப்பினாள். கம்பத்தையும் வாசல் கேட்டையும் பார்த்தாள்.

"ஏலே, படத்துல கேட்டு கிழக்க இருக்கு. நெசத்துல தெக்கல்ல இருக்கு? அம்பு தப்பு. முள்ளுப்படி போவோம்."

"பெரிய இன்ஜினியரு!" என்றான் எதிர்க்குழுப் பையன். அவன் குழு தாளில் இருந்த அம்பை மட்டும் நம்பி சைக்கிள் ஷெட்டுக்கு ஓடியது.

இவள் டேப் பிடித்துத் தொட்டியடிக்குப் போனாள். மண்ணில் பெட்டி இருந்த சதுரத் தடம் மட்டும் இருந்தது. பெட்டி, சைக்கிள் ஷெட்டில்! புது அம்புப்படி அளந்து, வாட்ச்மேனை விட்டு மாற்றி வைத்திருக்கிறார் தாளாளர். வரைபடத்தைச் சரிசெய்ய மனசில்லை, புதையலை நகர்த்த ஆள் இருந்தார்.

பெற்றோர் முன்னாலேயே சொன்னேன்: "சார், இவதான் சரியாப் போனா."

"கட்டடத்துக் கம்பி முள்ள இழுத்திருக்கும்," என்று சிரித்தார் தாளாளர்.

திசைகாட்டியை மைதானத்தின் நடுவே கொண்டுபோய் வைத்தேன். முள் அதே பக்கம்தான் நின்றது. வந்து பார்க்க அவர் எழுந்திருக்கவில்லை. கைதட்டலோடு அந்தப் பையன் பெயரை வாசித்தார்கள். சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "அப்ப அடுத்த வாரம் நீங்க வரவேண்டாம்மா," என்றார்.

கேட்டருகே அந்தப் பெண் என்னை நிறுத்தினாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"மிஸ், பரிச்சையில நம்ம பள்ளிக்கூட வாசல் எந்தத் திசைன்னு கேட்டா எத எழுத?"

"தெற்குன்னு எழுது."

"மார்க்கு போடமாட்டாகளே."

"போடமாட்டாக," என்றேன். "தெற்குன்னே எழுது."