முழுக்கோடும் புள்ளிக்கோடும்

மிக்ஸியோ கீசரோ வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் முதலில் எதைத் தூக்கி ஓரமாகப் போடுகிறார்களோ, அதை எழுதுவதுதான் அவள் வேலை. கையேடு. 'சுவிட்சைப் போடும் முன் எர்த் இணைப்பைச் சரிபார்க்கவும்' என்று எழுதி எழுதியே பதினாறு வருடம் ஓடிவிட்டது. அலுவலகத்தில் அவளுக்குக் கையேட்டக்கா என்று பெயர். அவளை விட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவன் மட்டும் இன்றுவரை அவள் எழுதிய ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை. "நீதான் வீட்டுலயே இருக்கியே, அப்புறம் புக்கு எதுக்கு?" என்பான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குப் பிடிபட்டதே இல்லை.

போன வருடம் கம்பெனியைத் திருத்தி அமைத்தார்கள். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து சுவரில் ஒரு படத்தைக் காட்டினாள். கட்டம் கட்டமாக இருந்தது. கையேட்டக்காவின் கட்டத்திலிருந்து மேலே ஒரு முழுக்கோடு போனது. அது ஆவணப் பிரிவு மேலாளரிடம் முடிந்தது. பக்கவாட்டில் ஒரு புள்ளிக்கோடு போனது. அது கீசர் திட்டத்தின் மேலாளரிடம் முடிந்தது.

"லீவு, சம்பள உயர்வு, வருஷ மதிப்பீடு எல்லாம் இவர் பார்ப்பார். அன்னன்னைக்கு என்ன வேலைன்னு அவங்க சொல்வாங்க" என்றாள் அந்தப் பெண், முதலில் முழுக்கோட்டையும் பிறகு புள்ளிக்கோட்டையும் தொட்டுக் காட்டி.

"ரெண்டு பேரும் வேற வேற சொன்னா?"

"அப்படியெல்லாம் வராதுக்கா" என்று சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

முழுக்கோட்டுக்காரருக்குக் கமா சார் என்று பெயர். ஒரு வாக்கியத்தில் கமா இடம் மாறியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. புள்ளிக்கோட்டு அம்மாவுக்கு நாளைக்குள்ள மேடம் என்று பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்குள் வேண்டும் என்பார். இன்றைக்கே கொடுத்தால், இதை நேற்றே கொடுத்திருக்கலாமே என்பது போல ஒரு பார்வை பார்ப்பார். இருவருடைய அறைக்கும் நடுவில் தண்ணீர் குடிக்கும் இடம் மட்டும்தான் இருந்தது. ஆனால் அவர்கள் ஒருவரோடொருவர் பேசி யாரும் பார்த்ததில்லை. பேச வேண்டியதையெல்லாம் கையேட்டக்கா வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

வினை ஒரு திங்கட்கிழமை வந்தது. காலையில் கமா சார் கூப்பிட்டார்.

"எல்லாப் பழைய கையேட்டையும் புது வடிவத்துக்கு மாத்தணும்மா. எச்சரிக்கைதான் முதல்ல வரணும், ஒவ்வொண்ணுக்கும் தனிக் கட்டம். இந்த வாரம் முழுக்க இதுதான் உங்க வேலை. வெள்ளிக்கிழமை எனக்கு வேணும்."

"சரிங்க சார்" என்றாள்.

திரும்பி வந்து உட்காரவில்லை, மேடம் நின்றிருந்தார்.

"புது கீசர் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும். நாலு பக்கம், ஒரே மடிப்பு. பெட்டியில அதுக்கு மேல இடமில்ல. எச்சரிக்கையெல்லாம் கடைசியில சின்ன எழுத்துல போட்டுக்கலாம். வேற எதையும் தொடாதீங்க."

"சரிங்க மேடம்" என்றாள்.

அந்த இரண்டு சரிதான் அவளைக் கவிழ்த்தது. ஒரு சரி சொல்லும்போது இன்னொரு சரியை நினைத்துப் பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை. நல்ல பெயர் எடுத்தே பழகிய ஆள். முடியாது என்ற சொல்லைக் கையேட்டில் எழுதுவாளே தவிர வாயால் சொன்னதில்லை.

யாரையும் நோகடிக்காமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழிதான் வேடிக்கை. ஒரே கீசருக்கு இரண்டு கையேடு எழுதினாள். மேடத்துக்கு ஒல்லியாக நாலு பக்கம். கமா சாருக்குக் கட்டம் கட்டமாக இருபத்தெட்டுப் பக்கம். இடையில் பழைய கையேடுகளையும் மாற்றிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாடு மேஜையிலேயே ஆறிப்போனது.

புதன்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் கூட்டம் வைத்தார்கள். கமா சாரின் கூட்டத்தில் நேரில் உட்கார்ந்துகொண்டு, மேடத்தின் கூட்டத்தை முடிக்குள் மறைத்த ஒரு காதுக் கருவியில் கேட்டாள். கமா சார் புதிய வடிவத்தின் அருமை பெருமைகளை அளந்துகொண்டிருந்தார்.

"புதுசா சேர்றவங்க இதைப் பழக எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்கம்மா?"

அதே நொடியில் காதுக்குள் மேடம், தண்ணீர் சூடாக எவ்வளவு நேரம் என்று போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பத்து நிமிஷம்" என்றாள் கையேட்டக்கா சத்தமாக. "ஆனா முதல்ல குழாயைத் திறந்து காத்தை வெளியேத்திடணும். இல்லன்னா வெடிச்சிரும்."

கமா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார் கனிவாக. காதுக்குள் மேடம், "குட், அதைச் சின்ன எழுத்துல போடுங்க" என்றார்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என் வண்டியிலயும் ரெண்டு பேர்தான் உட்கார்றோம். ஆனா ஸ்டியரிங் கத்துக்க வந்தவங்க கையில, எனக்கு பிரேக் மட்டும்தான். உங்க ஆபீஸ்ல ரெண்டு பேருக்கும் ஸ்டியரிங் குடுத்திருக்காங்க போல."

"சிரிக்காத. வண்டியே நான்தான்" என்றாள். அவள் குரல் உடைந்திருப்பதைக் கேட்டதும் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்துபோய் பாத்திரம் கழுவினான்.

வியாழக்கிழமை காலையில் அவசரத்தில் இரண்டு கோப்புகளையும் அனுப்பினாள். ஒல்லி மேடத்துக்கு, குண்டு சாருக்கு என்று மனதில் சொல்லிக்கொண்டேதான் அனுப்பினாள். ஆனால் குண்டு மேடத்துக்கும் ஒல்லி சாருக்கும் போய்விட்டது.

முதலில் மேடத்தின் அறைக் கதவு திறந்தது. பிறகு சாரின் கதவு. இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"இருபத்தெட்டுப் பக்கம்! பெட்டிக்குள்ள கீசரை வைக்கிறதா, இதை வைக்கிறதா?" என்றார் மேடம்.

"எர்த் பத்தின எச்சரிக்கையைப் பூதக்கண்ணாடி வச்சுத் தேட வேண்டியிருக்கு. யாருக்காவது ஷாக் அடிச்சா யார் பதில் சொல்றது?" என்றார் சார்.

கையேட்டக்கா எழுந்து நின்றாள்.

"அவர்கிட்ட சொல்லுங்க, எனக்கு இன்னைக்கு அச்சுக்குப் போகணும்னு" என்றார் மேடம் அவளைப் பார்த்து.

"அவங்ககிட்ட சொல்லுங்கம்மா, புது வடிவம் இல்லாம எதுவும் வெளிய போகாதுன்னு" என்றார் சாரும் அவளைப் பார்த்து.

இருவருக்கும் நடுவில் இரண்டடி இடைவெளிதான். அந்த இரண்டடிக்குள் நின்றுகொண்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"சார், மேடம், ஒரு அரைமணி நேரம் அந்த மீட்டிங் ரூமுக்கு வாங்க. என்னால இனிமே கடிதம் கொண்டுபோற புறா வேலை பார்க்க முடியாது."

இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள்.

பலகையில் அவள் தன் கையிலிருந்த வேலைகளை எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும், யார் கேட்டது, எப்போதைக்குக் கேட்டது. கீழே ஒரு கோடு போட்டாள்.

"ரெண்டு சரி சொன்னது என் தப்பு. ரெண்டு கையேடு எழுதினது அதை விடப் பெரிய தப்பு. அதுலயே ரெண்டு நாள் வீணாப் போச்சு. ஆனா நான் ஒரே ஆள்தான். எல்லாத்தையும் செய்வேன், ஒரே வாரத்துல முடியாது. எது முதல்லன்னு நான் முடிவு பண்ணினா ஒருத்தருக்குத் துரோகம். நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க. ஒத்துவரலைன்னா உங்க ரெண்டு பேருக்கும் மேல இருக்கிற பொது மேலாளர்கிட்ட மூணு பேருமாப் போய்க் கேட்போம்."

பொது மேலாளர் பெயரைக் கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். முதல் முறையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமைன்னு எதுக்குச் சொன்னீங்க?" என்று மேடம் கேட்டார்.

"தணிக்கைக்காரங்க வர்றாங்க."

"எப்ப?"

கமா சார் கண்ணாடியைத் துடைத்தார். "அடுத்த மாசக் கடைசியில. முன்னாடியே சொன்னாத்தானே வேலை நடக்கும்?"

"உங்க வியாழக்கிழமை எப்படி?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"அது நிஜம். அச்சகத்துல தேதி குடுத்தாச்சு. ஆனா சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

"நாலு பக்கம்?"

மேடம் கொஞ்சம் யோசித்தார். "பெட்டி செய்றவர் சொன்னார். அளந்து பார்க்கல."

பெட்டி ஒன்றை வரவழைத்தார்கள். சார் தாளை மடித்து மடித்து உள்ளே செருகிப் பார்த்தார். மேடம் குனிந்து, இன்னும் கொஞ்சம் தள்ளுங்க என்று சொல்லிக்கொடுத்தார். மெல்லிய தாளில் பன்னிரண்டு பக்கம் தாராளமாகப் போனது.

பிறகு மளமளவென்று முடிந்தது. எர்த், காற்றை வெளியேற்றுவது, அழுத்த வால்வு, இவை முதல் பக்கத்திலேயே கட்டத்தில் வரும். அதில் பேரமில்லை என்றார் சார், மேடமும் தலையாட்டினார். கீசர் முதலில். பழைய கையேடுகள் அடுத்த வாரத்திலிருந்து, பாதியைப் பிரிவில் இன்னொருவர் பார்ப்பார். கையேட்டில் என்ன இருக்கும் என்பது சாரின் பொறுப்பு, எப்போது வெளியே போகும் என்பது மேடத்தின் பொறுப்பு. அவள் நேரத்தில் கைவைக்கும் புது வேலை எதுவானாலும் இருவரும் முதலில் தங்களுக்குள் பேச வேண்டும்; திங்கட்கிழமை காலையில் மூவரும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அவள் இதையெல்லாம் ஒரு மின்னஞ்சலாக எழுதி அங்கேயே இருவருக்கும் சேர்த்து அனுப்பினாள். கமா சார் அதில் ஒரு கமாவைத் திருத்தினார். கீசர் கையேடு அன்று மாலை அச்சுக்குப் போனது.

அதற்காக எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழித்துக் கமா சார் தயங்கித் தயங்கி வந்து, "சின்ன வேலைதாம்மா" என்று ஆரம்பித்தார்.

"மேடம்கிட்ட பேசிட்டீங்களா சார்?"

அவர் திரும்பினார். பிறகு தண்ணீர் குடிக்கும் இடத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கதவைத் தட்டினார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அரைமணி கழித்து இருவரும் சேர்ந்து வெளியே வந்தார்கள், கையில் டீயுடன். அந்தச் சின்ன வேலை இப்போது இருவரும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட பெரிய வேலையாகியிருந்தது.

"ஆனா எதைத் தள்ளிவைக்கலாம்னும் நாங்களே பேசிட்டோம்" என்றார் மேடம் அவசரமாக, அவள் முகத்தைப் பார்த்து.

வருடக் கடைசியில் மதிப்பீடு வந்தது. கமா சார் எழுதி, மேடத்திடமும் கருத்து வாங்கிச் சேர்த்திருந்தார். எல்லாம் நன்றாகவே இருந்தது. திருத்திக்கொள்ள வேண்டியது என்ற இடத்தில் மட்டும் ஒரு வரி: 'எந்த வேலை முதலில் என்பதைத் தானே தீர்மானிக்கப் பழக வேண்டும்.'

கையேட்டக்கா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு ஊழியர் கருத்து என்ற கட்டத்தில் எழுதினாள்: 'இது யாருடைய கருத்து என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.'

மறுநாளே பதில் வந்தது. 'இருவருடையதும்.'

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கணவனிடம் காட்டினாள். அவன் முதல் தடவையாக அலுவலகத் தாள் ஒன்றை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படித்தான்.

"சம்பளம் ஏத்தியிருக்காங்களா?" என்றான்.

"ஏத்தியிருக்காங்க."

"அப்ப ரெண்டு பேரும் நல்லவங்கதான்" என்று சொல்லி, தாளை மடித்து அவளிடம் கொடுத்தான்.