கறுப்பாய் வந்த சுவர்

எங்கள் நகர் நலச்சங்கத்துக்கு வாசகசாலை கட்டுவதென்று முடிவானதும், வரைபடம் நான் போடுகிறேன் என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். நெய்வேலியில் சிவில் டிராயிங் ஆபீஸிலேயே முழு சர்வீஸையும் முடித்தவன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டி வந்த பிறகும் அந்த ஆபீஸ் என்னை விட்டுக் காலியாகவில்லை.

சங்கச் செயலாளருக்கு நியாய உணர்ச்சி அதிகம். "அவரும் ஒண்ணு போடட்டுமே சார். ரெண்டுல நல்லதை எடுத்துக்கலாம்" என்றார்.

அவர் என்றால் காடாம்புலியூர்க்காரர். அதே ஆபீஸில் எனக்கு ஜூனியர், பக்கத்து மேசை. இப்போது இதே நகரில்தான் வீடு. கட்டடத்தை மேலிருந்து கீழாக நறுக்கினால் தெரியும் முகத்தை வரைவதுதான் வெட்டுமுகப் படம். அதில் நறுக்குப்பட்ட செங்கல்லுக்குச் சாய்ந்த இணைகோடுகள், கான்கிரீட்டுக்குப் புள்ளிகளும் குட்டி முக்கோணங்களும், மரத்துக்கு ரேகைகள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அவர் வைக்கும் புள்ளிகள் ஜல்லியை அள்ளித் தூவியதுபோல இருக்கும். அதைப் பார்க்க அதிகாரிகள் அவர் மேசைக்கே வருவார்கள். என் மேசையைக் கடந்துதான் போகவேண்டும். கடந்தார்கள்.

இந்த முறை விடக்கூடாது என்று உட்கார்ந்தேன். கையால், மை பேனாவால் வரைந்தேன். நறுக்குப்பட்ட விளிம்புக்குத் தடித்த கோடு, அதற்குப் பின்னால் தெரிவதற்கு மெல்லிய கோடு. சுவர் முழுவதும் நாற்பத்தைந்து டிகிரியில் நெருக்கமான கோடுகள். கதவு ஜன்னல்களுக்கு மேலே ஓடும் கான்கிரீட் லிண்டலில் ஊசிமுனைப் புள்ளிகள். செயலாளர் இரண்டு படங்களையும் போனில் படம் பிடித்து, பண்ருட்டி கான்ட்ராக்டருக்கு அனுப்பினார்.

கமிட்டி கூடியிருந்தபோது கான்ட்ராக்டர் கூப்பிட்டார். செயலாளர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கையால போட்ட படத்துல இன்னாங்க சொவரு பூரா கருப்படிச்சிருக்கு? சொவரே கான்கிரீட்டா? லிண்டல் மட்டும் வெறுமனே வுட்டிருக்கீங்க?"

செயலாளர் போனை என்னிடம் காட்டினார். என் நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று கலந்து தார் பூசியதுபோல் ஆகியிருந்தன. சிறிய படங்களில் கான்கிரீட் தூணைக் கறுப்பாக நிரப்பிக் காட்டும் வழக்கம் உண்டு. கான்ட்ராக்டர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஊசிமுனைப் புள்ளிகளோ காணாமலே போயிருந்தன.

"அது போன் கோளாறு. காகிதத்துல பாருங்க" என்றேன்.

"சைட்ல எல்லாரும் போனைத்தாங்க பாக்கறோம். இன்னொரு சார் போட்டது பளிச்சினு கீது."

இன்னொரு சார் லேப்டாப்பில் போட்டிருந்தார். சுவர் முழுக்கக் கோடு போடாமல், விளிம்பை ஒட்டி மட்டும் அகலமான இடைவெளியில் சாய்கோடுகள், நடுவே வெள்ளை. லிண்டலில் கண்ணுக்குத் தெரியும் முக்கோணங்கள். பெரிய பரப்பில் விளிம்பை மட்டும் நிரப்பினால் போதும் என்பது விதியிலேயே இருக்கிறது. அந்த விதியை அவருக்கு முன்பே நான் படித்தவன். சோம்பேறிகளுக்கான சலுகை என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன்.

அவர் படமே தேர்வானது. அதன் அச்சுப் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பூதக்கண்ணாடியால் துழாவினேன்.

"ஏங்க, சோறு ஆறிப்போகுது. இன்னும் அவரு படத்தையேதான் மேயறீங்களா?" என்றாள் மனைவி.

மேய்ந்ததில் கிடைத்துவிட்டது. லிண்டலுக்குக் கீழே, கதவு நிலையின் மேற்கட்டை. அந்த இடத்தில் கட்டை குறுக்கே அறுபடுகிறது. அறுத்த முனையில் வளையங்கள் தெரிய வேண்டும். அவர் நீளவாக்கில் ரேகை போட்டிருந்தார். அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, அவசரப்படாமல், அதைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அட, ஆமாண்ணே! லேப்டாப்புல மரம்னு ஒண்ணைத் தட்டுனேன், அது நீட்டிப் படுத்துகினு கீது பாருங்க." சிரித்தார். கமிட்டியும் சிரித்தது, அவரோடு சேர்ந்து. அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, ஒரே தட்டலில் வளையங்களைக் கொண்டுவந்தார். நான் ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடிய தவறு, டீ ஆறுவதற்குள் இல்லாமல் போனது.

பிறகுதான் அதைச் செய்தார். புதுப் பிரதி எடுத்துவந்து, கீழ் மூலையில் 'வரைந்தவர்' கட்டத்தில் தன் பெயர் இருக்க, 'சரிபார்த்தவர்' கட்டத்தில் விரலை வைத்தார். "அண்ணன் கண்ணு படாத படம் வெளிய போவக்கூடாது. கையெழுத்துப் போடுங்கண்ணே."

மறுத்திருக்கலாம். மறுத்தால் காரணம் ஊருக்கே தெரியும். போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். சரியான மரத்துக்கா, என் பெருந்தன்மைக்கா என்று தெரியவில்லை.

வாசகசாலை எழும்பிவிட்டது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு உள்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். நான் தினமும் காலையில் வாசலையொட்டிய நாற்காலியில் செய்தித்தாள் படிக்கிறேன். வருகிறவர்கள் படத்தைப் பார்க்கப் போகிறார்கள். என் நாற்காலியைக் கடந்துதான் போகவேண்டும்.