குதிரையும் எருமையும்

ஈப்போவில் மூன்று கிளைகள் வைத்திருந்த டயர் கம்பெனியில் கேரன் இருபது வருடமாக எழுத்து வேலை பார்க்கும் கிராணி. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கணினி வேலையை யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டாள். கம்பெனி இணையப் பக்கமும் அவள் பொறுப்பில்தான் இருந்தது.

ஆண்டு விருந்தில் விற்பனைப் பிரிவு சுரேன் ஒரு ஸ்லைடு காட்சி போட்டான். திரையில் கேரனின் படம் வந்தது. ஒரு கிளிக்கில் அவள் முகத்தின்மேல் குதிரைத் தலை விழுந்தது. அவள் பற்கள் தூக்கலாக இருக்கும். அடுத்த கிளிக்கில் தலை மறைந்தது. ஆபீசில் எல்லாருக்கும் தண்ணி, அதாவது தேநீர், கலக்கும் துளசிக்கு எருமைத் தலை. வேறு யாருக்கும் தலை விழவில்லை. மண்டபமே சிரித்தது. கேரனும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் முதலாளி மெய்யப்பன், “எல்லா ஸ்லைடையும் படமாக்கி வெப்சைட் கேலரியில ஏத்திடு” என்றார்.

கேரன் ஸ்லைடுகள் அனைத்தையும் படங்களாகச் சேமித்து, ஒவ்வொன்றாகத் திறந்தாள். குதிரை போகவில்லை. காட்சியில் வந்து மறைவதெல்லாம் படத்தில் ஒரேயடியாக ஒட்டிக்கொள்ளும். இனி அவள் பெயரைத் தேடுகிறவன் கண்ணில் முதலில் குதிரைதான் படும்.

சுரேனிடம் போய்க் குதிரையை எடுக்கச் சொன்னாள்.

“நல்லாதானே இருக்கு அக்கா! குதிரைக்குக் கோபம் வருது பாரு லா!”

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, குதிரையை அழித்து, அந்த ஒரு ஸ்லைடை மட்டும் படமாக்கிப் பழையதன் இடத்தில் வைத்தாள். அடுத்து துளசியின் ஸ்லைடைத் திறந்தபோது மெய்யப்பன் பின்னால் வந்து நின்றார்.

“குதிரை எங்க?”

“எடுத்துட்டேன் சார்.”

“எல்லாத்தையும் எடுத்தா சப்புன்னு போயிடும். ஒண்ணாச்சும் இருக்கட்டும்.”

“எது சார்?”

“உன் இஷ்டம். நீதானே ஏத்துற.”

எருமையை எடுக்க ஒரு தட்டு போதும். எடுத்தால் குதிரை திரும்பி வரவேண்டும். கேரன் துளசியின் ஸ்லைடை மூடினாள். எருமையோடு இருந்த படம் அப்படியே கேலரிக்குப் போனது.

மறுநாள் காலையில் துளசி கைப்பேசியோடு மேசைக்கு வந்தாள்.

“அக்கா, என் மவன் கூட்டாளிங்க பாத்துட்டானுங்களாம். இவன் சாப்பிடல. இத எடுக்க முடியாதாக்கா?”

“படமாக்கினா அப்படித்தான் ஒட்டிக்கும் துளசி. ஒண்ணும் பண்ண முடியாது.”

துளசி விரலால் படத்தைத் தள்ளினாள். அடுத்து கேரன், சுத்தமான முகத்தோடு. அதை வெகுநேரம் பார்த்தாள்.

“உங்களுக்கு மட்டும் ஒட்டலியே அக்கா?”

கேரன் விசைப்பலகையைப் பார்த்தாள். அந்த நேரம் சுரேன் குரல் கொடுத்தான்:

“ஏ எருமை! தண்ணி என்னாச்சு லா?”

அறை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. கேரனும் சிரித்தாள், எல்லாரையும்விடச் சத்தமாக.